கதிரைக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு விரல்

அந்தக் கண்ணாடித் தொட்டி எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் இருந்து நான் அதற்குப் பக்கத்தில் நின்று பலமாகத் தும்மினது கிடையாது. வெறும் தொட்டிதான். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சாப்பாட்டு மேசைகளைத் தள்ளிவிட்டு, பழைய மெத்தைகள் இரண்டை விரித்து, அதன்மேல் படுக்கப் போட்டிருந்தோம். நோயாளி ஒருத்தர் வந்து படுத்திருக்கிற மாதிரி நான் அதைச் சுற்றிச் சுற்றி மெதுவாக நடந்தேன். என் மனுசனுக்கு அது பெரிய பகிடி.

"பயங்கொள்ளி. அது கண்ணாடியப்பா, முட்டையில்லை."

அவர் எனக்கு வைத்த பெயர் அது. கலியாணம் கட்டின முதல் கிழமையிலேயே வைத்துவிட்டார். கடலுக்குப் போகிறவனைக் கட்டிக்கொண்டு காற்றுச் சத்தத்துக்குப் பயந்தால் பிறகு என்ன பெயர்தான் வைப்பார்? எனக்கு அந்தப் பெயரில் கோபம் இல்லை. பயம் என்னோடு கூடப் பிறந்தது. அதை நான் மறைத்ததும் இல்லை.

சண்டை முடிந்து, பாதை திறந்து, வெளியாட்கள் மன்னாருக்கு வரத் தொடங்கியிருந்த காலம். கீரிக் கடற்கரைக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டின் முன்பக்கத்தை மண்டபமாக்கி, ஆறு மேசை போட்டு, சாப்பாட்டுக் கடை நடத்தினோம். மனுசனுக்கு இடுப்பு நாரி முறிந்த பிறகு கடல் இல்லை. வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது உருளைக்கட்டை வழுக்கி, வள்ளத்தின் முன்முனை, அணியம், அவர்மேல் வந்து விழுந்தது. பட்டி கட்டிக்கொண்டு நிற்பார், நடப்பார், மீன் வெட்டுவார். பாரம் தூக்க மட்டும் டாக்குத்தர் விடவில்லை. கடலுக்குப் போக முடியாவிட்டால் கடலைக் கடைக்குள் கொண்டுவந்து வைப்பது என்று முடிவெடுத்துவிட்டார். வெளியாட்கள் மீனைப் பார்த்துக்கொண்டே மீன் சாப்பிடுவார்களாம். எனக்கு அது கொஞ்சம் அநியாயமாகத்தான் பட்டது, ஆனால் மனுசனுடைய முகத்தில் கனகாலத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம். 

தொட்டியைக் கொண்டுவந்தவர் அத்தான், மனுசனுடைய தமையன். தெற்கே ஏதோ ஒரு ஹோட்டலை மூடியபோது அங்கே கிடந்ததாம். நீளம் ஆறடி, அகலம் இரண்டடி, உயரம் இரண்டரை அடி. பெருவிரல் நகத்தின் அகலத்துக்குத் தடித்த கண்ணாடி. நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள், நாலு பேருக்கும் மூச்சு வாங்கியது. தொட்டி வந்தது, அது நின்ற ஸ்டாண்ட் வரவில்லை. ஹோட்டலில் சுவரோடு சேர்த்துச் சீமெந்தில் கட்டியிருந்தார்களாம்.

அதனால் டவுனில் இருந்து வெல்டிங்காரர் வந்தார். நல்ல மனுசன், எங்கள் கடைவாசல் கேற்றும் தண்ணீர்த் தாங்கி நிற்கிற இரும்பும் அவருடைய கைவேலைதான். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தினை கிலோ வரும்? அதைச் சொல்லுங்கோ, நான் இரும்பு எடுக்கிறன்."

கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை.

மனுசனும் அத்தானும் மேசையில் இருந்து கணக்குப் பார்த்தார்கள். தண்ணீர் விளிம்புவரை நிற்காது, மேலே மூன்று அங்குலம் விடவேணும் என்றார் அத்தான். சரி, அப்படியென்றால் ஆழம் இரண்டேகால் அடி. ஆறை இரண்டால் பெருக்கிப் பன்னிரண்டு, பன்னிரண்டை இரண்டேகாலால் பெருக்கி இருபத்தேழு கன அடி. ஒரு கன அடிக்கு இருபத்தெட்டு லீற்றருக்குச் சற்றுக் கூட. ஐஸ்பெட்டி வாங்கி விற்கிறவர்களுக்கு அது மனப்பாடம். மொத்தம் எழுநூற்று அறுபது லீற்றர். இதுவரைக்கும் ஒரு பிழையும் இல்லை, நான் பிறகு எத்தனையோ தரம் பெருக்கிப் பார்த்திருக்கிறேன்.

"இருபது லீற்றர்க் கானில முப்பத்தெட்டுக் கான்," என்றார் மனுசன். "ஒரு கான் பதினாறு கிலோ. அறுநூற்றியெட்டு. அறுநூறு எண்டு வையுங்கோ."

பதினாறு எங்கே இருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? எங்கள் பக்கத்தில் போட்டுக்கு மண்ணெண்ணெய் அடித்துத்தான் எஞ்சின் ஓடுகிறது. சின்ன வயதில் இருந்து அந்த இருபது லீற்றர்க் கானைத் தோளில் வைத்துக் கரையில் இருந்து வள்ளத்துக்குச் சுமந்தவர்கள் இவர்கள். ஒரு கான் பதினாறு கிலோ என்பது அவர்களுக்கு மணிக்கட்டில் எழுதியிருக்கிற எழுத்து. வள்ளத்தில் எத்தனை ஆள், எத்தனை வலை, எத்தனை கான் என்று பாரம் போடும்போது பதினாறு பதினாறாகத்தான் கூட்டுவார்கள்.

நான் ஒன்று கேட்டேன். கேட்டது எனக்கு நல்ல ஞாபகம், ஏனென்றால் மூன்று பேரும் சிரித்தார்கள்.

"கண்ணாடியும் பாரம்தானே? அதைக் கூட்டேல்லையோ?"

"வள்ளத்தின்ர பாரத்தை ஆரப்பா வள்ளத்தில ஏத்திறது?" என்றார் மனுசன். "ஏத்திற சாமான்தான் பாரம்."

"அப்ப மண்ணும் கல்லும்?"

இதற்கு அத்தான் பொறுமையாக விளங்கப்படுத்தினார். "பிள்ளை, தண்ணிக்குள்ள கிடக்கிற கல்லுக்குப் பாரம் இல்லை. நங்கூரக்கல்லை இழுத்துப் பாத்திருக்கிறியே? தண்ணிக்குள்ள கிடக்கேக்க பஞ்சு மாதிரி வரும். வெளியில வந்தாப் பிறகுதான் கை முறியும்."

அவர் சொன்னது பொய்யில்லை. இழுக்கிறவன் கைக்கு அது உண்மை. வள்ளத்தைக் கடல் தாங்கும், கல்லைத் தண்ணீர் தாங்கும். ஆனால் மண்டபத்துக்குள் தொட்டியையும் தண்ணீரையும் கல்லையும் சேர்த்துத் தாங்கப்போவது நாலு இரும்புக் கால். அது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் புத்தியில் ஓடவில்லை. எனக்கும் ஓடவில்லை. நான் கேட்டது பயத்தில், அறிவில் இல்லை. பயத்துக்கு ஆர் பதில் சொல்வது?

வெல்டிங்காரர் அறுநூற்றை எழுநூறாக வைத்துக்கொண்டார். "ஒரு நூறு கூடவே பிடிக்கிறன், பயமில்லை." நடுவில் ஒரு காலும் வைக்கவேணும் என்றும் சொன்னார். மனுசன் விடவில்லை. தண்ணீர் வடிகட்டுகிற பெட்டியை ஸ்டாண்டுக்குக் கீழே முன்பக்கத்தால் தள்ள வேணும், நடுக்கால் இடைஞ்சல் என்றார். எழுநூறுதானே, பரவாயில்லை என்று வெல்டிங்காரரும் விட்டார்.

ஸ்டாண்ட் வந்தது. கறுப்பு மையடித்து, பார்க்க அழகாக இருந்தது. மேலே தடித்த பலகை, பலகைக்கு மேல் மெத்தென்ற ரெஜிஃபோம் தட்டு, அதற்கு மேல் தொட்டி. பின்னுக்குச் சுவர். வடிகட்டிப் பெட்டி இன்னும் வந்துசேரவில்லை. ஆகவே கீழே ஆறடி நீளத்துக்கு வெறும் இடம்.

வெறும் இடத்தைக் கண்டால் எங்கள் மகள் விடுவாளா? அப்போது நாலு வயது முடியப்போகிறது. என் பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டிக்கொண்டு அதற்குள் குடிபோய்விட்டாள். அவளுடைய வீடாம் அது. கொட்டாங்கச்சி அடுப்பு, பிளாஸ்ரிக் பாவைப்பிள்ளை, எல்லாம் உள்ளே. வீட்டுக்குள் குந்தி இருக்கக் கதிரை இல்லை என்று அழுதாள். மனுசன் உடைந்த வள்ளத்தின் பலகையை எடுத்து ஒரு சின்னக் கதிரை செய்துகொடுத்தார். மகளுடைய கட்டளை, கதிரையின் முதுகு கூரைவரைக்கும் உயர்ந்திருக்க வேணுமாம், கோயிலில் பாதர் இருக்கிற கதிரை மாதிரி. அவரும் ஸ்டாண்டின் முன்பக்க மேல் இரும்புவரை அளந்து, ஒரு விரல் இடைவெளி மட்டும் விட்டு வெட்டினார். கதிரை உள்ளே போகும்போது முதுகுக்கும் இரும்புக்கும் நடுவில் சுட்டுவிரலை வைத்துக் காட்டினார். சரியாக ஒரு விரல். தகப்பனும் மகளும் அதில் அப்படி ஒரு சந்தோசம்.

தண்ணீர் நிரப்பின நாள் காலையில் அத்தான் தீர்த்தப் போத்தலோடு வந்தார். புது வள்ளத்தைக் கடலில் இறக்கும்போது தெளிக்கிற மாதிரித் தொட்டிக்கும் தெளித்தார். மனுசன் கடுதாசித் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரச் சம்மாட்டி மாதிரி நின்றார். கழுவின மண் இரண்டு மூட்டை உள்ளே போனது. கறுத்தக் கல்லுகளை மெதுவாக அடுக்கினார்கள். பிறகு லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் கான்களை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போய் நிரப்பி வந்தார்கள். கான் எல்லாம் புதுசு. மண்ணெண்ணெய் பட்ட கானில் தண்ணீர் அள்ளினால் மீன் ஒரு நாளும் தாங்காது என்று அவ்வளவு கவனம் அவர்களுக்கு. மண்ணெண்ணெயின் மணத்துக்குப் பயந்தவர்கள் அதன் நிறைக் கணக்கில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு இருந்தார்கள்.

அத்தான் கானைத் தூக்கி, தொட்டிக்குப் பக்கத்தில் போட்ட வாங்குப் பலகையில் வைப்பார். மனுசன் வாயைப் பிடித்துச் சரிப்பார். பத்துக் கான் போனபோதே அத்தானுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது.

"வயசு போட்டுதடா தம்பி. முந்தி ரெண்டு கையிலயும் ரெண்டு கான் தூக்கிக்கொண்டு முழங்காலளவு தண்ணிக்குள்ள ஓடினனான்."

"அண்ணிக்குச் சொல்லுங்கோ, முட்டை அடிச்சுத் தரட்டும்," என்றார் மனுசன்.

நானும் சிரித்தேன். அத்தானுடைய கைகள் உண்மையைச் சொல்லிக்கொண்டு இருந்தன, நாங்கள் அதை வயதுக் கணக்கில் எழுதிவிட்டோம்.

மத்தியானம் தண்ணீர் பாதிக்கு மேலே வந்துவிட்டது. வெயில் யன்னலால் வந்து தொட்டிக்குள் இறங்கி மண்டபச் சுவரில் பச்சையாக ஆடியது. அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நான் கிட்டப் போகவில்லை. கரையில் கிடந்தால் கடல் கடல்தான். இடுப்புக்கு மேலே, சுவர் ஓரத்தில், கண்ணாடிக்குப் பின்னால் அது அசையாமல் நின்று என்னைப் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. அத்தானும் மனுசனும் களைத்துப்போய்ச் சோறு தின்ன இருந்தார்கள். வாசலில் கடைசி நடைக்குக் கொண்டுவந்த ஒன்பது கான் ஊற்றாமல் நின்றது. சமையலறைக்குப் போகிற வழியை ஒரு கான் மறித்துக்கொண்டு இருந்தது, அதைத் தள்ளிவைக்க நான் கைபோட்டேன்.

எனக்கும் கான் புதுசில்லை. எங்கள் கடை அடுப்புக்கு ஒவ்வொரு கிழமையும் ஒரு கான் மண்ணெண்ணெய் வரும். வாசலில் இருந்து அடுப்படிவரை நான்தான் தூக்குவேன், ஏனென்றால் மனுசனுக்கு நாரி. எவ்வளவு பலம் போட்டால் அது நிலத்தை விட்டு எழும்பும் என்று என் கைக்குத் தெரியும். அன்றைக்கும் அந்த அளவு பலத்தைத்தான் போட்டேன். கான் எழும்பவில்லை. கொஞ்சம் எழும்பித் திரும்பவும் தொப்பென்று இருந்துவிட்டது.

முதலில் எனக்குத்தான் ஏதோ என்று நினைத்தேன். காலமை சாப்பிடவில்லை. பிறகு அடுப்படியில் நின்ற மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கினேன். அது முதல்நாள் வந்தது, மூடி உடைக்காதது. வழக்கம்போல வந்தது. திரும்பி வந்து கடல்தண்ணீர்க் கானைத் தூக்கினேன். வரவில்லை. இரண்டும் ஒரே கான், ஒரே அளவு. 

மீன் நிறுக்கிற தொங்குதராசு அடுப்படிக் கூரை வளையில் கட்டியிருந்தது. மண்ணெண்ணெய்க் கானைக் கொழுவினேன். கானோடு சேர்த்துப் பதினேழு. அதைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தண்ணீர்க் கானைக் கொழுவினேன். முள் பதினேழைத் தாண்டியது. இருபதைத் தாண்டியது. இருபத்தொன்றரையில் போய் நின்று ஆடியது.

"இஞ்சேருங்கோ! கொஞ்சம் இஞ்ச வாங்கோ!"

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேணும், இரண்டு பேரும் சோத்துக்கையோடு வந்தார்கள். நான் தராசைக் காட்டினேன். மனுசன் முள்ளைப் பார்த்தார், கானைப் பார்த்தார், விரலால் தராசைத் தட்டிப் பார்த்தார். தட்டினால் முள் மாறுமா?

"எண்ணெய் தண்ணிக்கு மேல மிதக்கும்தானே," என்று மெதுவாகச் சொன்னார் அத்தான். "இலேசு எண்டபடியாத்தானே மிதக்குது."

எல்லாருக்கும் தெரிந்த விசயம்தான். எண்ணெய் மிதப்பதைக் கரையிலே தினமும் பார்க்கிறோம். பார்த்தும் அதைக் கானுக்குள் கொண்டுவரவில்லை. கடல்தண்ணீர் நல்ல தண்ணீரையும்விடக் கொஞ்சம் பாரம், உப்பு இருக்கிறதே.

நான் சுவரில் கரித்துண்டால் கணக்குப் போட்டேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது. ஊற்றினது இருபத்தாறு கான், மண்ணும் கல்லும் மூன்று கானின் இடத்தைப் பிடித்துவிட்டதால் மிச்சம் ஒன்பது. ஒரு கான் இருபதரை. ஐநூற்று முப்பதுக்கு மேலே. மண் இரண்டு மூட்டை, நூறு. கல் அறுபதாவது வரும். கண்ணாடி, நாலு பேர் மூச்சு வாங்கினது நூற்றைம்பதுக்குக் குறையாது.

"இப்பவே எண்ணூற்றைம்பதுக்குக் கிட்ட நிக்குது," என்றேன். "ஒன்பதையும் ஊத்தினா ஆயிரம் தாண்டும். வெல்டிங்காரருக்கு அறுநூறு எண்டு சொன்னனீங்கள், அவர் எழுநூறுக்குத்தான் செய்தவர்."

"கல்லை விடு, அது தண்ணிக்குள்ள..." என்று தொடங்கினார் மனுசன்.

"கல்லு தண்ணியில இருக்கு, தண்ணி தொட்டியில இருக்கு, தொட்டி எதில இருக்கு?" நான் கத்திவிட்டேன். மனுசனைப் பார்த்து அப்படிக் கத்தினது அதுதான் முதல் தரம்.

அவர் முகம் கறுத்துப்போனது. ஆனால் விடவில்லை, ஆம்பிளை அல்லவா. "இரும்பப்பா. இரும்பு எண்டா இரும்புதான். எழுநூறு எண்டு சொன்னா ஆயிரமும் தாங்கும். எல்லாரும் கூட வைச்சுத்தான் செய்வினம். ஒண்டும் அசையேல்லை, ஒரு சத்தம் இல்லை. நீ சும்மா..."

பயங்கொள்ளி என்று சொல்ல வாயெடுத்திருப்பார். அதற்குள் மண்டபத்தில் இருந்து மகளுடைய குரல் கேட்டது.

"அப்பா, என்ர கதிரை வருதில்லை."

அவள் எப்போது திரைக்குள் போனாள்? அத்தானுக்குச் சோறு போடும்போது என் சேலைத் தலைப்பில்தான் தொங்கிக்கொண்டு நின்றாள். நான் அடுப்படிப் படியைத் தாண்டினது தெரியாது. மண்டபத்தில் நின்றேன். என் பழைய சேலை ஆடிக்கொண்டு இருந்தது, அதற்குக் கீழே இரண்டு சின்னக் குதிகால்.

குனிந்து திரையை ஒதுக்கினேன். கதிரை ஸ்டாண்டின் நடுவில், முன் இரும்புக்கு நேர்கீழே நின்றது. அதன் முதுகுக்கும் இரும்புக்கும் நடுவில் விரல் இல்லை. ஒரு கடுதாசிகூடப் போகாது. இரும்பு வந்து பலகையில் குந்திவிட்டது. மகள் உள்ளே இருந்து கதிரையின் இரண்டு காலையும் பிடித்து, முகம் சிவக்க, தன் பக்கம் இழுத்துக்கொண்டு இருந்தாள்.

இரும்பு அசையவில்லை, சத்தம் இல்லை என்று சொன்னாரே. சத்தம் போடாமல் ஒரு விரல் இறங்கியிருந்தது. அந்தக் கதிரை மட்டும் இல்லாவிட்டால் இன்னும் எவ்வளவு இறங்கியிருக்குமோ, இல்லை அதே இடத்தில்தான் நின்றிருக்குமோ, எனக்குத் தெரியாது. என் கண்ணுக்கு அந்த நேரம் தெரிந்தது ஒன்றுதான். என் பிள்ளையின் தலைக்கு மேலே இருக்கிற பாரத்தை ஒரு சின்னக் கதிரை தாங்கிக்கொண்டு நிற்கிறது, அதை என் பிள்ளை பிடுங்குகிறாள்.

கத்தினால் திடுக்கிட்டு இன்னும் பலமாக இழுப்பாள். எனக்கு அது எப்படியோ விளங்கியது.  இவ்வளவு காலமும் ஒன்றுமில்லாததுக்கெல்லாம் கத்தினவள், கத்த வேண்டிய நேரத்தில் தாலாட்டுக் குரலில் பேசினேன்.

"கதிரையை விடு குஞ்சு. அம்மாட்ட வா."

"பாவை கதிரையில இருக்கு. நான் கொண்டாறன்."

"பாவை நித்திரை. அசைச்சா எழும்பிடும். நீ மட்டும் மெதுவா வா."

அவள் பாவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். யோசித்தாள். அந்த யோசனை முடியுமட்டும் நான் அருள்நிறை மரியே செபத்தைத் தொடங்கி, எந்த இடத்திலோ தவறவிட்டு, திரும்பத் தொடங்கினேன். தலைக்கு மேலே கண்ணாடிக்குள் ஒரு காற்றுக்குமிழ் எழும்பி உடைந்த சத்தம் கேட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய சத்தத்தை நான் கேட்டதில்லை, ஷெல் விழுந்த காலத்திலும் இல்லை. மகள் ஒரு கையைக் கதிரையில் இருந்து எடுத்தாள். மற்றக் கையையும் எடுத்தாள். தவழ்ந்து கதிரையின் ஓரத்தால் வெளியே வரத் தலையை நீட்டினாள். நான் அக்குளுக்குள் கைகொடுத்து இழுத்த இழுப்பில் அவளுடைய முழங்கால் உரசி இரத்தம் வந்தது. அவள் வீரிட்டு அழுதாள். அழட்டும். நான் அவளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடி, வேலி ஓரத்தில் நின்றுதான் மூச்சு விட்டேன்.

மனுசன் குனிந்து பார்த்துவிட்டு அப்படியே இருந்துவிட்டார். அத்தான்தான் முதலில் அசைந்தார். லாண்ட்மாஸ்டரின் சில்லைத் தூக்குகிற ஜக்கைக் கொண்டுவந்து நடுவில் முட்டுக்கொடுப்போம் என்றார். மனுசன் ஜக்கை வாங்கிக்கொண்டு முழங்காலில் நின்றார், உள்ளே போவதற்கு. நான் வேலியில் இருந்தே சத்தம் போட்டேன்.

"ஒருத்தரும் அதுக்குக் கீழ போகப்படாது! ஊத்தின தண்ணியை எடுங்கோ!"

அவர் ஜக்கை வைத்துவிட்டார். நான் சொல்லி அவர் மறுபேச்சில்லாமல் கேட்டது அன்றைக்குத்தான்.

இரண்டு குழாயை மேலே இருந்து தொட்டிக்குள் விட்டு, டாங்கியில் இருந்து எண்ணெய் இழுக்கிற மாதிரி வாயால் உறிஞ்சி, யன்னலால் வெளியே விட்டார்கள். உப்புத்தண்ணீர் வாய்க்குள் போய் மனுசன் ஓங்காளித்தார். தண்ணீர் என் முருங்கைக்குக் கீழே ஓடிக் குளம் கட்டியது. பிறகு அந்த முருங்கை பட்டுப்போனது, நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குழாய் சின்னன், தொட்டி பெரிது. நாங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். தண்ணீர் இறங்குகிறதா இல்லையா என்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.  மகள் மட்டும் என் தோளில் முகத்தை வைத்து, "பாவை எழும்பிட்டுதோ?" என்று இடைக்கிடை கேட்டாள்.

கல்லுகளின் தலை வெளியே தெரியத் தொடங்கின நேரம், உள்ளே டொக் என்று ஒரு சத்தம். நாங்கள் எல்லாரும் ஒன்றாகப் பின்னுக்குப் போனோம். கண்ணாடி இல்லை. இவ்வளவு நேரமும் சற்றுச் சரிந்தபடி இறுகி நின்ற கதிரை, இரும்பு விட்டதும் நாலு காலிலும் வந்து இருந்திருந்தது. பாரம் குறையக் குறைய இரும்பு தன்பாட்டில் மேலே எழும்பியிருக்கிறது. அத்தான் நெற்றியில் சிலுவை போட்டார்.

பொழுதுபட வெல்டிங்காரர் வந்தார். கதையைக் கேட்டார், சுவரில் இருந்த கரிக்கணக்கைப் பார்த்தார். யாரையும் ஏசவில்லை. "தொட்டி, தண்ணி, மண், கல்லு, நாலும் சேத்து ஒரு தொன் எண்டு சொல்லியிருந்தியள் எண்டா நான் பெட்டி இரும்பு எடுத்து, நடுவில ரெண்டு கால் வைச்சிருப்பன்," என்று மட்டும் சொன்னார். காலுக்குக் கீழே இரும்புத் தட்டும் வைத்திருப்பாராம், இல்லாவிட்டால் இந்த மணல் நிலத்தில் தரைக்கல் வெடித்துக் கால் இறங்குமாம். பிறகு அப்படித்தான் செய்தார். அந்த ஸ்டாண்ட் இன்றைக்கும் நிற்கிறது, மீனும் நிற்கிறது. நான் இன்றைக்கும் அதற்குப் பக்கத்தில் தும்முவதில்லை.

அவர் போன பிறகு மண்டபத்தில் மனுசன் தனியே நின்றார். தொட்டிக்குள் மண்ணும் கல்லும் மட்டும். அவர் திரையை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் குந்தி இருந்து, கதிரையை இழுத்தார். வந்தது. முதுகுப்பலகையின் மேல் விளிம்பில் இரும்பு பதிந்த பள்ளம், நேர்கோடாக. அதைப் பெருவிரலால் தடவினார். பிறகு கதிரையைத் திரும்ப உள்ளே தள்ளி, முதுகுக்கும் இரும்புக்கும் நடுவில் சுட்டுவிரலை வைத்தார். விரல் போனது. எடுத்தார். இழுத்தார். திரும்பத் தள்ளினார், திரும்ப விரலை வைத்தார். எத்தனை தரம் என்று தெரியாது, நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரத்தில் நின்று பார்த்தேன். புயலுக்குள் அகப்பட்டு இரண்டு நாள் கடலில் அலைந்து வந்தபோது சிரித்துக்கொண்டு கரையேறின மனுசன் அவர்.

மகள் என் இடுப்பில் இருந்து வழுக்கி இறங்கி, முழங்கால் கட்டோடு நொண்டி நொண்டி அவரிடம் போனாள். இரும்புக்கும் கதிரைக்கும் நடுவில் இருந்த அவருடைய விரலைப் பார்த்தாள்.

"அப்பா, என்ர வீடு திரும்பப் பெருசாயிட்டுதோ?"

 அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். அதற்குப் பிறகு அவர் என்னைப் பயங்கொள்ளி என்று கூப்பிடவே இல்லை.